ஓய்வூதிய ஆணையில் ஒரு சொல்: ஐந்தரை ஆண்டு அலைந்த கதை

பொறியாளர் படையில் 24 ஆண்டு இருந்துவிட்டு, 2014 ஜனவரி 31 அன்று ஹவில்தாராக வெளியே வந்தேன். வரும்போது வலது காலில் மூன்று விரல் இல்லை, கணுக்கால் முழுதாக மடங்காது. கையில் ஓய்வூதிய ஆணை இருந்தது. ராணுவத்தில் அதைப் பிபிஓ என்றுதான் சொல்வோம். அதில் எழுதியிருந்த ஒரு சொல் தவறு என்று கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆனது. சரி செய்ய இன்னும் நாலரை ஆண்டு.

கால் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டதும் ஆபரேஷன் பராக்ரம் தொடங்கியது. எல்லை நெடுக லட்சக்கணக்கில் கண்ணிவெடிகளைப் புதைத்தோம். போர் நடக்கவில்லை. 2002 அக்டோபரில் படைகளைப் பின்வாங்கச் சொன்னார்கள். புதைத்ததை எடுத்தாக வேண்டுமே? அந்த வேலை எங்களுடையது. மணல் நகர்ந்து போயிருக்கும், வரைபடத்தில் குறித்த இடத்தில் வெடி இருக்காது. அப்படி இடம் மாறிக் கிடந்த ஒன்று டிசம்பரில் என் காலடியில் வெடித்தது.

பிழைத்துக்கொண்டேன். புனேயில் 1944இலிருந்து இயங்கும் செயற்கை உறுப்பு மையத்தில் எனக்கென்று உள்ளே அடைப்பு வைத்த ஒரு பூட்ஸ் செய்து கொடுத்தார்கள். மருத்துவ வகை குறைந்தது. ஆனாலும் வீட்டுக்கு அனுப்பவில்லை, ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். நானும் எழுதிக் கொடுத்துத் தொடர்ந்தேன். பின்னால் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது இதுதான்: காயத்தால் பாதியில் அனுப்பப்பட்டவன் இல்லை நான், பணிக்காலம் முடிந்து போனவன்.

ஓய்வுக்கு முன் எல்லாருக்கும் ஒரு மருத்துவ வாரியம் நடக்கும். என் வாரியம் ஊனம் 40 சதவீதம், ஆயுள் முழுக்க, ராணுவப் பணியால் ஏற்பட்டது என்று எழுதியது. ஊனப்படி கிடைக்க 20 சதவீதமாவது இருக்க வேண்டும், அது ராணுவப் பணியால் வந்ததாகவோ மோசமானதாகவோ இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இருந்தன. பணி ஓய்வூதியத்தோடு ஊனப்படியும் சேர்ந்தே வந்தது. நிம்மதியாக இருந்தேன்.

2015 தொடக்கத்தில் ஒரு பழைய சுபேதாரைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் என் பிபிஓவை வாங்கிப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, உனக்கு அடிபட்டது கண்ணிவெடி எடுக்கும்போதுதானே?"

"ஆமாம் சாப்."

"அப்புறம் ஏன் இதில் ஊனப்படி என்று போட்டிருக்கிறான்? போர்க்காயப் படி என்றல்லவா இருக்க வேண்டும்?"

இரண்டும் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன். இல்லை.

காயம் எந்தச் சூழலில் நேர்ந்தது என்பதைப் பொறுத்து ஏ முதல் இ வரை ஐந்து பிரிவுகள் இருக்கின்றன. பணியின்போது நடக்கும் விபத்து சி பிரிவு. எதிரியோடு மோதலில் பட்ட காயம் இ பிரிவு. எல்லையை ஒட்டிய நடவடிக்கைப் பகுதியில் கண்ணிவெடி புதைக்கும்போதோ அகற்றும்போதோ நேரும் வெடிப்பையும் இ பிரிவில்தான் சேர்த்திருக்கிறார்கள். 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. வெடித்தது நாமே புதைத்ததா, எதிரி புதைத்ததா என்ற கேள்வி அங்கே இல்லை.

இப்போது கணக்கு. என்னைப்போல் பணிக்காலம் முடிந்து வந்தவருக்கு, 100 சதவீத ஊனம் என்றால், ஊனப்படி கடைசியாகக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் 30 சதவீதம். போர்க்காயப் படி 60 சதவீதம். ஊனம் குறைந்தால் அதே விகிதத்தில் இரண்டும் குறையும். எளிதாக இருக்கட்டும் என்று என் சம்பளத்தை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஊனப்படி முழுசாக 4,500, அதில் 40 சதவீதம் 1,800. போர்க்காயப் படி முழுசாக 9,000, அதில் 40 சதவீதம் 3,600. ஒரே கால், ஒரே வெடி, இரண்டு மடங்கு.

சுபேதார் அங்கேயே இன்னொன்றும் சொன்னார். ஊன சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் வழக்கம் 1996இலிருந்தே இருந்தது. 50க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. ஆனால் அது காயத்தால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும். பணிக்காலம் முடித்துப் போனவர்களுக்கும் அதே சலுகை உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்றுதான் உச்ச நீதிமன்றம் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. என் 40 சதவீதம் 50 ஆனால் 3,600 என்பது 4,500. இதுவும் எனக்குத் தானாக வந்து சேரவில்லை.

அடுத்து, தவறு எங்கே நடந்தது என்று தேட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மூன்று ஆவணங்களைக் கேட்டேன். காயம் பட்டதும் எழுதும் காய அறிக்கை, ஓய்வுக்கு முந்தைய வாரியத்தின் முழு நடவடிக்கை, என் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகல். ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் என்ன நடந்தாலும், கல்யாணமோ குழந்தையோ காயமோ, பார்ட் டூ ஆர்டரில் வெளியானால்தான் அது நடந்ததாகக் கணக்கு. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வந்த தாள்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நான் அப்போது வேறொரு யூனிட்டோடு இணைக்கப்பட்டிருந்தேன். அந்த யூனிட் அன்றிரவே அனுப்பிய தகவலில் என்னை 'பேட்டில் கேஷுவல்டி' என்று சரியாகவே குறித்திருந்தது. ஆனால் காய அறிக்கையில் "பணியின்போது கண்ணிவெடி விபத்து" என்று மட்டும் எழுதி, நடவடிக்கையின் பெயரை விட்டிருந்தார்கள். சில வாரத்தில் அந்த யூனிட்டும் இடம் மாறிவிட்டது. போர்க்காயம் என்று அறிவிக்கும் பார்ட் டூ ஆர்டரை யாரும் வெளியிடவில்லை. ஏறக்குறைய பதினோரு ஆண்டு கழித்து மருத்துவ வாரியம் உட்கார்ந்தபோது அவர்கள் முன் இருந்தது காய அறிக்கை மட்டும்தான். 'விபத்து' என்ற சொல்லைப் பார்த்துச் சி பிரிவு என்று முடிவானது. டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரியத்தின் நகலில் நான் போட்ட கையெழுத்தும் இருந்தது, படிக்காமல் போட்டது.

முதல் மேல்முறையீட்டில் ஒரு தப்பு செய்தேன். சதவீதத்தைக் கூட்ட வேண்டும், பிரிவை மாற்ற வேண்டும் என்று இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினேன். பதில் ஒன்பது மாதம் கழித்து வந்தது: மருத்துவ வாரியத்தின் மதிப்பீடு சரியே. பிரிவைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டாவது மேல்முறையீட்டில் அந்த இரவுத் தகவலின் நகலை மேலே வைத்து, பிரிவை மட்டும் கேட்டேன். பார்ட் டூ ஆர்டர் இல்லாததால் பரிசீலிக்க முடியாது என்று பதில் வந்தது. அந்த ஆர்டரை வெளியிட வேண்டியவர்கள் அவர்களேதான் என்பதை யாரிடம் சொல்வது? கோபத்தில் ஏறக்குறைய ஓராண்டு எதுவும் செய்யாமல் இருந்துவிட்டேன்.

அந்தக் கோபத்துக்கு விலை இருந்தது. 2018 ஆகஸ்டில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனு போட்டபோது வழக்கறிஞர் முதலில் சொன்னதே அதுதான். ஓய்வூதியத் தவறு மாதாமாதம் தொடர்கிற தவறு, அதனால் தாமதமாக வந்தாலும் வழக்கு நிற்கும். ஆனால் பாக்கித் தொகை பொதுவாக மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். 2008இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த வரம்பு அது. என் கணக்கில் 2014 பிப்ரவரி முதல் 2015 ஜூலை வரை 18 மாதம் போய்விட்டது. 4,500க்கும் 1,800க்கும் உள்ள வித்தியாசம் மாதம் 2,700 வீதம் 48,600 ரூபாய், அகவிலைப்படி தனி.

தீர்ப்பாயத்தில் பெரிய வாதம் எதுவும் நடக்கவில்லை. இரவுத் தகவல், 2001 கடிதம், ராம் அவதார் தீர்ப்பு, மூன்றுதான். போர்க்காயம் என்று ஏற்று, 50 சதவீதமாக முழுமையாக்கிப் புதிய ஆணை கொடுக்கச் சொல்லி 2019இல் உத்தரவு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் திருத்திய பிபிஓ கைக்கு வந்தது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2016 ஜனவரி முதல் எல்லாம் 2.57 மடங்கு என்பதால், அதே 15,000 ரூபாய்க் கணக்கில் 4,626 ரூபாயாக வந்துகொண்டிருந்த படி 11,565 ஆனது.

பணத்தைவிட எனக்குப் பயன்பட்டது அதோடு கிடைத்த போர்க்காயச் சான்றிதழ். வெளியே வந்த புதிதில் ஒரு செக்யூரிட்டி நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலைக்குப் போனேன். பத்து மணி நேரம் நின்றால் இரவு பூட்ஸைக் கழற்ற முடியாது, கால் அப்படி வீங்கும். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு வங்கித் தேர்வு எழுதினேன். பொதுத்துறை வங்கிகளில் குரூப் சி பணியிடங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்குள் 4.5 சதவீதம் ஊனமுற்ற படைவீரர்களுக்கும், போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும். கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அங்கே ஊனமுற்ற படைவீரர் என்றால் எதிரிக்கு எதிரான நடவடிக்கையிலோ கலவரப் பகுதியிலோ ஊனமானவர். பணியின்போது விபத்தில் கால் போனவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். என் பழைய பிபிஓவை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க முடியவில்லை. மற்ற முன்னாள் வீரர்களோடு போட்டியிட்டு இரண்டு முறை சில மதிப்பெண்ணில் விட்டேன்.

2020இல் மறுபடி விண்ணப்பித்தபோது வயது 48. வயது தாண்டிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். பணி செய்த ஆண்டுகளையும் இன்னும் மூன்றையும் கழித்துத்தான் பார்ப்பார்கள், 50ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். 48இல் 27 போனால் 21. என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான், அவனைவிட இளையவனாகிவிட்டேன் என்று.

விண்ணப்பத்தோடு சான்றிதழின் நகலை வைக்கும்போதுதான் அதை நிதானமாகப் படித்தேன். காயம் பட்ட நாள் 2002 டிசம்பர். கீழே கையெழுத்தின் பக்கத்தில் 2019 ஆகஸ்ட்.