‘தாக’ என்னும் இரண்டெழுத்து

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கடைகளில் கஸ்டமர் கேர் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு, பதில் கடிதம் எழுதிப் பழக, இந்த ஒரு புகாரைக் கொடுக்கலாம். “ஆறு மாதம் அலமாரியில் இருந்த ஷூவைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். சோல் பிரிந்து விழுந்துவிட்டேன். முட்டியில் அடி. ஆஸ்பத்திரிச் செலவை யார் தருவது?”

பெரும்பாலும் வரும் முதல் பதில்: “எங்கள் ஷூவால் உங்களுக்குக் காயம் ஏற்பட்டதற்கு மன்னிக்கவும். பசை சரியாகப் பிடிக்கவில்லை. செலவைத் தந்துவிடுகிறோம்.” நல்ல மனசுதான். ஆனால் அந்த ஷூவை இன்னும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ‘ஷூவால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ காரணத்தையே ஒப்புக்கொண்டுவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளால் வரும் பாதிப்புக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. வழக்கு வந்தால் இந்தக் கடிதம் கடைக்கு எதிரான சான்றாக முன்வைக்கப்படலாம்.

திருத்தம் சின்னதுதான்: “ஷூ அணிந்து படியிறங்கும்போது விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முட்டி வலியோடு இருப்பீர்கள், வருந்துகிறோம்.” ‘விழுந்ததாக’ என்பதில் உள்ள ‘தாக’வால் நடந்தது அவர் சொன்னதாக நிற்கிறது, வருத்தம் வலிக்கானது, தவறுக்கானது அல்ல. ஆனால் எல்லா வரியிலும் ‘தாக’ போட்டால் கடிதம் எஃப்ஐஆர் போல ஆகிவிடும். ஒரு முறை போதும். ‘கூறப்படும் காயம்’ என்று எழுதுவது சண்டைக்கு அழைப்பு.

விளக்கத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். சோல் முழுசாகக் கழன்றிருந்தால் ஒட்டுப் பசையைச் சந்தேகிக்கலாம். தூளாக உதிர்ந்திருந்தால் வேறு கதை: பாலியூரித்தேன் சோல் காற்றிலுள்ள ஈரத்தால், போடாமல் வைத்திருந்தாலும், காலப்போக்கில் சிதையும். இதைத் தெரிந்துகொண்ட புதியவர் உடனே “ஈரத்தில் வைத்திருப்பீர்கள்” என்று எழுதிவிடுவார். அதுவும் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு. பழி மட்டும் இடம் மாறியிருக்கிறது. எழுத வேண்டியது, எதை எப்படிப் பார்ப்போம் என்பது: “சோல் கழன்றதா, உதிர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அதுவரை அந்த ஷூவை அணியாதீர்கள், பிரிந்த துண்டையும் தூக்கிப் போடாதீர்கள்.”

வாக்குறுதி தன் கைக்குள் அடங்குவதாக இருக்க வேண்டும். “விரைவில் நடவடிக்கை” என்பது வாக்கே அல்ல. “நாளை காலை எங்கள் ஆள் வந்து ஷூவை வாங்கிக்கொண்டு ரசீது தருவார். வரும் வெள்ளி மாலை 5 மணிக்குள், சோதனை முடிந்தாலும் முடியாவிட்டாலும், உங்களுக்குப் போன் வரும். மருத்துவ ரசீதுகளை அனுப்புங்கள். சோதனை முடிவோடு சேர்த்து மேலாளர் பார்த்து எழுத்தில் பதில் தருவார்.” பணம் என்ற சொல்லே இதில் இல்லை, தர மாட்டோம் என்றும் இல்லை. புது ஷூ தருவதாக மேலாளர் முடிவு செய்தால், “பொறுப்பை ஏற்பதாக ஆகாமல், நல்லெண்ணத்தில் தருகிறோம்” என்ற வரி சேரும். அந்த வரியை வக்கீல் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

ஒரே லாட்டில் மூன்றாவது புகார் வந்தால் இந்த நடையை நிறுத்திவிட வேண்டும். அப்போது கடைக்குக் காரணம் தெரிய ஆரம்பித்துவிட்டது. “பார்க்கிறோம்” என்று எழுதினால் அது மறைப்பு. கோப்பு அன்றே மேலாளர் மேசைக்குப் போக வேண்டும், அந்த லாட் விற்பனையிலிருந்து இறங்க வேண்டும்.