டிசம்பர்ல ரெஜிம் மாத்தச் சொல்லி பேரோலுக்கு எழுதின மெயில்

2024 ஏப்ரல்ல ஆபீஸ் போர்ட்டல்ல வருமான வரிக்கு, வாடகை, லோன் வட்டின்னு கழிச்சுக்க விடற பழைய ரெஜிமா, அதெல்லாம் இல்லாத புதுசான்னு கேட்டப்போ நான் யோசிக்கவே இல்ல, புதுசுன்னு போட்டுட்டேன். அப்போ அது சரிதான். மதுரைல வீட்டுல இருந்தே வேலை, வாடகை கிடையாது, கட்டிக்கிட்டு இருந்த வீடு முடியல, முடியாத வீட்டு லோன் வட்டியைக் கழிக்கவும் முடியாது. பிஎஃப், எல்ஐசி, அப்பா அம்மா மெடிக்கல் இன்சூரன்ஸ், அவ்ளோதான் கையில இருந்தது. 15 லட்சம் சம்பளத்துக்கு அதை வச்சு பழைய ரெஜிம் பக்கம் போனா நஷ்டம்தான்.

மே மாசம் வீடு முடிஞ்சு அப்பா அம்மா குடி போனாங்க. ஜூன்ல ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்க, சென்னைல 28,000 வாடகைக்கு வீடு எடுத்தேன். ரெண்டும் சேர்ந்தா கணக்கே மாறிடும்னு எனக்கு உறைச்சது நவம்பர் பேஸ்லிப்ல சம்பளத்துலயே புடிக்கற வரி, டிடிஎஸ், 10 ஆயிரம் சொச்சம்னு பாத்தப்போதான். ஆறு மாசம் தூங்கியிருக்கேன்!

ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து போட்டேன். என் பேசிக் மாசம் 62,500, வாடகைப் படியான ஹெச்ஆர்ஏ 25,000. வாங்கின ஹெச்ஆர்ஏ, வாடகையில பேசிக்கோட 10 சதவீதம் போக மிச்சம், சென்னைங்கறதால பேசிக்ல பாதி, இந்த மூணுல எது கம்மியோ அதுதான் கழியும். எனக்கு 28,000ல 6,250 போக 21,750, பத்து மாசத்துக்கு 2,17,500. லோன் வட்டி 2 லட்சம், பிஎஃப், எல்ஐசி எல்லாம் அடங்கற 80சி ஒன்றரை லட்சம், இன்சூரன்ஸ் 42,000, ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 50,000. எல்லாம் போக 8,40,500 நிக்குது, வரி செஸ்ஸோட சுமார் 84 ஆயிரம். புது ரெஜிம்ல அதே சம்பளத்துக்கு 1,30,000. நவம்பர் வரைக்கும் ஏற்கெனவே 89 ஆயிரம் புடிச்சிருந்தாங்க, அதனால மாத்திட்டா மார்ச் வரைக்கும் டிடிஎஸ்ஸே இருக்காதுன்னு ஒரே குஷி.

மெயில் போட்டேன். போர்ட்டல் விண்டோ மூடியாச்சுன்னு பதில் வரும்னுதான் நெனச்சேன், ஆனா பேரோல்ல இருக்கற மேடம் நேரா போன் பண்ணாங்க. "தம்பி, 15ஆம் தேதிக்குள்ள குடுத்தா டிசம்பர் சம்பளத்துலயே மாத்தித் தரேன், ஆனா டிக்ளரேஷன் மட்டும் போதாது, பேப்பர் இருக்கா? ஜனவரில ப்ரூஃப் நிக்கலைன்னா மொத்த வரியும் ஃபிப்ரவரி மார்ச்ல புடிப்பேன், அப்போ என்னைத் திட்டக்கூடாது."

பேப்பர் தேடினப்போதான் சிக்கல் தெரிஞ்சது. பேங்க் குடுத்த ப்ரொவிஷனல் வட்டி சர்டிஃபிகேட்ல 2,36,000ன்னு இருந்தது, உச்சவரம்பு 2 லட்சம்தானேன்னு நான் 2 லட்சம் எழுதியிருந்தேன். ஆனா அதே தாள்ல என் பேருக்குக் கீழ தம்பி பேரு. வீட்டுலயும் லோன்லயும் பாதிப் பாதி, ஈஎம்ஐ என் அக்கவுண்ட்ல போனாலும் அவன் மாசாமாசம் பாதியை அனுப்பிடுவான். அப்போ என் பங்கு 1,18,000 மட்டும்தான். மேடம் அந்த ரெண்டாவது பேரை முதல்ல பாத்திருப்பாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

கழிவுகளை பேரோலுக்குச் சொல்ற ஃபார்ம் 12பிபியைத் திரும்ப எழுதினேன். வருஷ வாடகை 1 லட்சத்தைத் தாண்டறதால ஹவுஸ் ஓனர் பான் வேணும், அவர் ரெண்டு வாரம் இழுத்துட்டு கடைசில வாட்ஸ்அப்ல பான் கார்டை சாய்ச்சு போட்டோ எடுத்து அனுப்பினார், ஒரு எழுத்து பி-யா எட்டான்னே தெரியல. போன் பண்ணி எழுத்தெழுத்தா கேட்டு வாங்கினேன். புதுக் கணக்குல வரி 1,00,880. டிடிஎஸ் நிக்கல, ஆனா மாசம் 2,900ஆ இறங்கிச்சு. குஷி கொஞ்சம் குறைஞ்சது, ஆனா மார்ச்ல அடி வாங்காம தப்பிச்சேன்.

இதுல பலபேர் குழப்பிக்கறது ஒண்ணு இருக்கு. பேரோல்ல சொல்றது டிடிஎஸ் எவ்ளோ புடிக்கணும்ங்கறதுக்கு மட்டும்தான், பிசினஸ் வருமானம் இல்லாத சம்பளக்காரங்களுக்கு நிஜமான தேர்வு ரிட்டர்ன் போடும்போதுதான். வேற கம்பெனில இருக்கற ஃப்ரெண்டுக்கு நடுவுல மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க, அவன் அநியாயம்னு கத்தினான். பணம் எங்கயும் போகல, ரிட்டர்ன்ல பழைய ரெஜிமைத் தேர்ந்தெடுத்து ரீஃபண்டா வாங்கிக்கலாம், என்ன, அதுவரைக்கும் அரசாங்கத்துக்கிட்ட மாட்டிக்கிட்டு இருக்கும். ஆனா கடைசி தேதியை விட்டுட்டு லேட்டா போட்டா பழைய ரெஜிம் கிடைக்காது, புதுசுல வரி போட்டுருவாங்க. பேரோல்ல பழசுக்கு மாத்தின என்னைப் போல ஆளுக்கு இது இன்னும் ஆபத்து, கம்மியா புடிச்ச 29 ஆயிரத்தையும் வட்டியோட கைலேருந்து கட்டணும்.

அதனால ஜூலைலயே உக்காந்துட்டேன். புது ரெஜிம்லேருந்து வெளிய வரீங்களான்னு ஒரு கேள்வி, அதுக்கு முன்கூட்டியே "இல்லை"ன்னு டிக் ஆகியிருந்தது. பேரோல்ல மாத்தினதால இங்கயும் தானா மாறியிருக்கும்னு அப்படியே கீழ இறங்கியிருப்பேன். மேடம் போன்ல கடைசியா சொன்னது ஞாபகம் வந்துச்சு, "ரிட்டர்ன்ல மறுபடி நீங்கதான் சொல்லணும்". "ஆமா"ன்னு மாத்தினேன், லோன் அக்கவுண்ட் நம்பர், பேங்க் பேருன்னு புதுசா ஒரு வரிசை கட்டம் திறந்துச்சு.