குன்றக்குடியில் எடுத்த 108 இலைகள்

இரண்டு வருடங்களுக்கு முன் என் மகள் டெங்குவில் படுத்திருந்தபோது ஆத்தா காரைக்குடியிலிருந்தே நேர்ந்துகொண்டார்கள். பிள்ளை எழுந்து நடந்தால், பங்குனி உத்திரத்தன்று சண்முகநாதன் சந்நிதிக்குக் கீழே நடக்கும் அன்னதானத்தில் நான் 108 எச்சில் இலை எடுக்க வேண்டும். “பரிமாறினால் ஆகாது, இலைதான் எடுக்க வேண்டும்” என்று தொலைபேசியில் இரண்டு முறை சொன்னார்கள். மகள் இப்போது மரம் ஏறுகிறாள். நான்தான் சென்னையில் சாக்குச் சொல்லிக் காலம் கடத்தினேன்.

இந்த வருடம் விடியற்காலை நான்கு மணிக்கே மலையேறிவிட்டோம். அதற்குள் அடிவாரத்தில் ஒருவர், “சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன்” என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். முருகனைப் பார்க்க இந்த மனிதரின் சிபாரிசு வேண்டுமா என்று ஆத்தா போட்ட சத்தத்தில் ஆளைக் காணோம். உள்ளே முட்டலும் மோதலும் தாங்கிச் சந்நிதியில் நின்றது பத்து விநாடி இருக்கும். மயில்மேல் ஆறு முகமும் பன்னிரண்டு கையுமாக அவன். என்னென்னவோ கேட்க நினைத்துப் போனவனுக்கு ஒன்றுமே வாயில் வரவில்லை. மகளின் தலையைத் தொட்டபடி நின்றேன். பின்னாலிருந்து தள்ளியதும் வெளியே வந்துவிட்டேன். கண் நனைந்திருந்தது வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

கீழே உறவினர்கள் சேர்ந்து நடத்தும் அன்னதானப் பந்தலுக்கு எட்டு மணிக்குப் போனபோது, பொறுப்பாக இருந்த ஒன்றுவிட்ட அண்ணன் என்னைப் பார்த்ததும் டோக்கன் மேசையைக் காட்டினார். “அண்ணே, நான் இலை எடுக்க வந்தவன்” என்றேன். “இலை எடுத்த கை இன்றைக்குச் சாப்பாட்டு வாளியையும் தொடக்கூடாது, டோக்கனையும் தொடக்கூடாது தம்பி. எடுப்பவர்கள் தனி ஆள், தனி வாசல். நீ கடைசிப் பந்திக்கு எடு. அதுவரை இங்கே உட்கார்” என்றார். எனக்கு வருத்தம்தான். நேர்த்திக்கடனுக்கு வந்தவனைக் குமாஸ்தா வேலையில் உட்கார வைத்துவிட்டாரே என்று.

அந்த மேசையில் உட்கார்ந்த பிறகுதான் சங்கதி புரிந்தது. பந்தலில் ஒரு பந்திக்கு 240 இலை. சாப்பிட இருபது நிமிடம், எடுத்துத் துடைத்து மறு இலை போடப் பத்து நிமிடம், ஆக அரை மணிக்கு ஒரு பந்தி. பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை எட்டுப் பந்தி. கூட்டினால் 1,920 பேர். அதற்குமேல் யார் தலைகீழாக நின்றாலும் அந்த இடத்தில் உட்கார வைக்க முடியாது. சமையல் மாஸ்டர் கணக்கில் ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு. எனவே ஒரு பந்திக்கு 30 கிலோ, அதுவே ஓர் ஈடு. உலை வைத்து வடித்து இறக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். எத்தனை பேர் வருவார்கள் என்று அவருக்கு இரண்டு பந்திக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்வதுதான் டோக்கன்.

போன வருடம் காலையிலேயே எல்லா டோக்கனையும் கொடுத்துவிட்டார்களாம். ஒருவரே பத்துப் பதினைந்து வாங்கி, அடிவாரத்தில் இருபது ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். இலவசச் சாப்பாட்டை விற்கிற புத்திசாலிகளை முருகன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் பந்தியில் எண்பது இலை காலியாகக் கிடக்க, வெளியே மனிதர்கள் வெயிலில் நின்றிருக்கிறார்கள். வராதவர்கள் அத்தனை பேரும் ஆறாம் பந்தியில் ஒன்றாக வந்து நின்றார்களாம்.

ஆகவே இந்த வருடம் அடுத்த இரண்டு பந்திக்கு மட்டும்தான் டோக்கன். பந்திக்கு ஒரு நிறம், மேலே நேரம் எழுதியிருக்கும். ஆளுக்கு ஒன்று, அதுவும் கையில். குழந்தைக்கும் ஒன்று, ஏனென்றால் குழந்தையும் ஓர் இலை. 240க்கு 230தான் கொடுப்பேன். மீதிப் பத்து, நிற்க முடியாத பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும். பந்தல் வாசலில் டோக்கனைத் திரும்ப வாங்கி எண்ணி, அந்த எண்ணை ஒரு பையன் அடுப்படிக்குக் கொண்டு ஓடுவான். டோக்கன் வாங்கியவர் வரிசையில் நிற்க வேண்டாம். நிழலில் போய் உட்காரலாம், மோர் குடிக்கலாம்.

பன்னிரண்டரைக்குப் பால்குடக்காரர்கள் ஒரே நேரத்தில் மலையிறங்கினார்கள். சவுக்குக் கட்டை வரிசை நிரம்பி வெளியே வழிந்தது. நான் கூட்டம் என்று மட்டும்தான் நினைத்தேன். அண்ணன் வேறொன்றைப் பார்த்தார். நின்றவர்கள் முழங்கையை மார்புக்கு முன்னால் தூக்கிக்கொண்டார்கள், மொத்த வரிசையும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அப்படி அசைந்தால் யாரும் தம் காலில் நிற்கவில்லை என்று அர்த்தம், ஒருவர் விழுந்தால் அவர்மேல் பத்துப் பேர் விழுவார்கள் என்றார். வாசலை அகலத் திறந்துவிடலாமே என்று நான் எழுந்தேன். என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். முன்னால் திறந்தால் பின்னால் இருப்பவர்கள் ஓடி வருவார்கள். அவர் வால்பக்கம் ஓடி, கயிறு கட்டி, புதிதாக யாரும் சேராமல் நிறுத்தினார். பக்கவாட்டில் இரண்டு கட்டைகளை அவிழ்த்து, நடுவில் சிக்கியவர்களை வெளியே எடுத்தார். மைக்கில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: “சிவப்பு டோக்கன் ஒன்றரை மணிக்கு. இப்போது நிற்க வேண்டாம். உங்கள் இலை உங்களுக்கு இருக்கிறது.” கடைசி வரிதான் வேலை செய்தது. கால் மணியில் வரிசை தளர்ந்தது.

அந்தக் குழப்பத்தில் நான்காம் பந்திக்கு ஆள் குறைந்து அரை அண்டாச் சாதம் மிஞ்சியது. அடுத்த ஈட்டோடு கலந்துவிடலாம் என்று ஒரு தொண்டர் சொல்ல, மாஸ்டர் கரண்டியை ஓங்காத குறை. ஆழமான அண்டாவில் குவிந்த சாதம் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்குமாம். வேகும்போது சாகாத கிருமி வித்து அதில் முளைத்து நஞ்சு வைக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது, மோந்து பார்த்தாலும் தெரியாது என்றார். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போதே அதைச் சின்னப் பாத்திரங்களில் பிரித்துத் தொண்டர்களுக்கு உடனே பரிமாறச் சொன்னார். அன்று எங்களுக்கு மதியச் சாப்பாடு அதுதான்.

இரண்டரை மணிக்கு எட்டாம் பந்தி உட்கார்ந்தது. டோக்கன் பெட்டியை ஒப்படைத்து, கைகழுவி, பின்வாசல் வழியாக வாளியோடு வந்தேன். ஆத்தா தூணோரம் உட்கார்ந்து எண்ணினார்கள். முதல் இலையை எடுக்கும்போது கூசியது, பொய் சொல்ல மாட்டேன். பத்தாவதில் அது போய்விட்டது. முருகா, இந்தப் பிள்ளையைக் கொடுத்தாயே, கொடுத்தாயே என்று ஒவ்வொரு இலைக்கும் வாய் தானாக முணுமுணுத்தது. வியர்வையா கண்ணீரா தெரியவில்லை, ரசமும் பாயசமும் முழங்கைவரை வழிந்தது.

“நூற்றியேழு” என்றார்கள் ஆத்தா. வரிசைக் கடைசியில் ஒரு மூதாட்டி இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாளியோடு பக்கத்தில் நின்றேன். அவர் அவசரப்படவில்லை. நிமிர்ந்து, “தம்பி, இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றப்பா” என்றார்.

மோர் வாளி ஓரடி தூரத்தில் இருந்தது. கை நீண்டுவிட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டு, பரிமாறும் பையனைக் கூவி அழைத்தேன்.