யாரும் வாங்காத விலை

"சரி, இந்த விலைக்கு யார் வாங்கினாங்க?" டி.பி.ஓ. மேடம், அதாவது தாய் நிறுவனத்துக்கு விற்கிற விலை சரியா என்று பார்க்கிற வருமான வரி அதிகாரி, கேட்டது இவ்வளவுதான். குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. "யாரும் வாங்கலை மேடம், ஆனா அந்த விலைக்கு விற்க கம்பெனி தயாரா இருந்தது" என்றேன். உத்தரவு வந்துவிட்டது, கிளையண்ட்டுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பதிலை நான் இன்னும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டப்படி அது சரி. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது.

விஷயம் இதுதான். கோயம்புத்தூர் பக்கம் வால்வு பாடி வார்க்கிற கம்பெனி, தாய் நிறுவனம் ஐரோப்பாவில். (எண்களை மாற்றி, உருட்டித்தான் எழுதுகிறேன்.) ஒரு குறிப்பிட்ட வால்வு பாடி வருஷத்துக்கு 50,000 தாய் நிறுவனத்துக்குப் போகிறது, ஒன்று 840 ரூபாய், ஃபேக்டரி வாசல் விலை. அதே டிராயிங், அதே எஸ்.ஜி. அயர்ன், வார்ப்பில் லோகோ மட்டும் வேறு, அது புனேயில் எந்த சம்பந்தமும் இல்லாத ஒரு கம்பெனிக்கு 1,000 ரூபாய்க்குப் போகிறது, வருஷத்துக்கு 4,000. நாங்கள் ரிப்போர்ட்டில் டி.என்.எம்.எம். என்கிற முறையில் கணக்குப் போட்டிருந்தோம். கம்பெனியின் நிகர லாப விகிதம் மற்ற வார்ப்புக் கம்பெனிகளோடு ஒத்துப்போகிறது, அதனால் விலையும் சரி என்கிற வாதம். மேடம் அதை ஓரமாக வைத்துவிட்டார். வெளியாளுக்கு அதே பொருளை விற்ற பில்லே கையில் இருக்கும்போது எதற்கு ஊர்க் கம்பெனிகளின் லாபத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நியாயமான கேள்வி. 160 ரூபாய் வித்தியாசத்தை 50,000-ஆல் பெருக்கி 80 லட்சத்தைக் கம்பெனியின் வருமானத்தில் சேர்க்கப்போவதாக நோட்டீஸ் வந்தது.

உள்நாட்டு விற்பனையையும் ஏற்றுமதியையும் ஒப்பிடவே கூடாது, இரண்டும் வேறு சந்தை என்று வாதாடியிருக்கலாம். தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் அதை ஏற்றுக்கொண்டும் இருக்கின்றன. ஆனால் அங்கே போய்ச் சேர வருஷக்கணக்காகும், கிளையண்ட் அதற்குத் தயாராக இல்லை. "அவங்க முறையிலயே போவோம். கப் போடட்டும், ஆனா வித்தியாசங்களைக் கழிச்சுட்டுப் போடட்டும்" என்றார் எங்கள் சீனியர். கப் என்றால் வெளியாளுக்கு விற்ற விலையோடு நேரடியாக ஒப்பிடுகிற முறை. வருமான வரி 10-பி விதியே அதைத்தான் சொல்கிறது: வெளியாளோடு நடந்த பரிவர்த்தனையின் விலையை எடுத்துக்கொள், ஆனால் சந்தையில் விலையைப் பாதிக்கக்கூடிய வித்தியாசங்களுக்கு அதைச் சரிக்கட்டு.

சரிக்கட்டினோம். புனே விலையில் லாரி வாடகை அடக்கம், அதற்கு 35 ரூபாய். புனேக்காரருக்கு 120 நாள் கடன், தாய் நிறுவனத்துக்கு 30 நாள். அந்த 90 நாளுக்கு, பேங்கில் கம்பெனி கட்டுகிற 12 சதவீத வட்டியில் கிட்டத்தட்ட 30 ரூபாய். பேட்டர்னைத் தாய் நிறுவனம் தன் செலவில் செய்து கொடுத்திருக்கிறது, புனே விலையிலோ பேட்டர்ன் செலவு ஒன்றுக்கு 25 ரூபாய் கலந்திருக்கிறது. தாய் நிறுவனம் வாசலிலேயே பரிசோதித்து எடுத்துக்கொள்கிறது, அதற்குப் பிறகு லீக் ஆனால் அவர்கள் பாடு. புனேக்காரர் திருப்பி அனுப்பினால் இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டும், அதற்கு 20. எல்லாவற்றுக்கும் பில், பேங்க் கடிதம், ரிஜெக்‌ஷன் நோட்டு என்று வைத்தோம். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுக்கொண்டார். ஆயிரம், 890-க்கு வந்து நின்றது.

இங்கேதான் சிக்கல். 840-க்கு 3 சதவீதம் என்றால் 25 ரூபாய் 20 காசு. ஆர்ம்ஸ் லெங்த் விலை, அதாவது சம்பந்தமில்லாதவர்களுக்குள் நடந்திருந்தால் வந்திருக்கும் விலை, 865-க்குள் வந்தால் 840-ஐயே சரியான விலையாக ஏற்றுக்கொள்வார்கள். தாண்டினால் அந்த 3 சதவீதம் கழிவாகக்கூடக் கிடைக்காது, வித்தியாசம் முழுக்கச் சேரும். 890-ல் நின்றால் 50 ரூபாய், 25 லட்சம். ஒன்று பூஜ்யம், இல்லையென்றால் முழு வித்தியாசம்.

மிச்சமிருந்த ஒரே வித்தியாசம் அளவு. 50,000 எங்கே, 4,000 எங்கே. மொத்தமாக வாங்குகிறவனுக்கு விலை குறையும் என்பது காய்கறிச் சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறையும் என்பதைக் காட்டுவதுதான் கஷ்டம். சிறு ஆர்டருக்கு மோல்டிங் லைனில் பேட்டர்னை மாற்றி மாற்றிப் போட்டு நேரம் வீணாவதைக் கணக்கிடலாம், அது செலவு. அந்த மிச்சத்தில் எவ்வளவு வாங்குகிறவனுக்குப் போகும், எவ்வளவு விற்கிறவனிடம் தங்கும் என்பது பேரம், அதைச் செலவுக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது.

கம்பெனியின் மார்க்கெட்டிங் மேனேஜரிடம் கேட்டபோது அவர் ஒரு பழைய கொட்டேஷனைத் தேடி எடுத்தார். சம்பந்தமில்லாத இன்னொரு கம்பெனிக்கு, இதே வால்வு பாடிக்கு, அதே வருஷம் கொடுத்தது. 5,000 வரைக்கும் ஆயிரம் ரூபாய், 10,000-க்கு மேல் போனால் 5 சதவீதம் தள்ளுபடி. ஆர்டர் வரவில்லை, வேறு யாரோ இன்னும் குறைவாகக் கொடுத்து வாங்கிவிட்டார்கள்.

"இது சும்மா எழுதிக் கொடுத்ததுங்களா, உண்மையிலேயே கொடுத்திருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க சார், ஆர்டர் வந்திருந்தா அந்த விலைக்குத்தான் வார்த்துக் கொடுத்திருப்போம். கொட்டேஷன் கொடுத்துட்டுப் பின்வாங்குனா அப்புறம் யாருங்க நம்மள நம்புவாங்க?"

நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். வாடகையும் வட்டியும் அளவோடு குறையாது என்பதால் 5 சதவீதத்தை ஆயிரத்தில் கழிக்காமல் 890-ல் கழித்தேன். 845.50 வந்தது. வித்தியாசம் ஐந்தரை ரூபாய். கேஸ் முடிந்தது.

ஆனால் மேடத்தின் கேள்வி அங்கேதான் வந்து விழுந்தது. கொட்டேஷன் பரிவர்த்தனை ஆகுமா? 10-பி விதி 'வாங்கிய, கொடுத்த' விலையைத்தான் பேசுகிறது. யாரும் கொடுக்காத விலை அதில் வராது. 2012-ல் சேர்த்த 10-ஏபி விதி வேறு மாதிரி: கொடுத்த விலை மட்டுமல்ல, கொடுத்திருக்கக்கூடிய விலையும் பார்க்கலாம் என்கிறது, கொட்டேஷனுக்கு இடம் உண்டு. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "தயாரா இருக்கிறது வேற, விற்கிறது வேற" என்றார் மேடம். "ஆர்டர் போனதே விலை அதிகம்னுதான் மேடம். அப்படின்னா அந்த அளவுக்குச் சந்தை விலை இதைவிடக் குறைவாத்தானே இருந்திருக்கணும்?" என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. குறித்துக்கொண்டார். அந்த வாதம் நல்ல வாதம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், தோற்ற கொட்டேஷன் ஜெயித்த கொட்டேஷனைவிட எங்களுக்குச் சாதகமான சாட்சி.

பிறகு உறுத்தியது என்னவென்றால், அந்த கொட்டேஷனுக்கான செலவுக் கணக்கு ஷீட். விலை எப்படி வந்தது என்று காட்டுவதற்காக அதையும் மேடத்திடம் கொடுத்த பேப்பர் புக்கில் வைத்தோம். எக்செல் பிரிண்ட், இரண்டு பக்கம். இரும்பு, கோக், கரண்ட், மெஷினிங், கடைசியில் ஒரு கட்டம்: 'குரூப் விலை 840'. அதற்குப் பக்கத்தில் அதோடு எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு கட்டம். அதாவது வெளியாளுக்கு 10,000-க்கு மேல் என்ன விலை சொல்வது என்று யோசித்த ஆள், தாய் நிறுவனத்துக்குக் கொடுக்கிற விலையைக் கண் முன்னால் வைத்துக்கொண்டுதான் யோசித்திருக்கிறார். தாய் நிறுவனத்தின் விலை சரியா என்று பார்க்க வெளியாள் விலையைத் தேடிப் போனோம், அந்த வெளியாள் விலையே தாய் நிறுவனத்தின் விலையைப் பார்த்துப் போட்டதாக இருந்தால் நாங்கள் எதை எதோடு ஒப்பிட்டோம்?

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. எந்தக் கம்பெனியும் கொட்டேஷன் போடும்போது கடைசியாக யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தோம் என்று பார்க்கத்தான் செய்யும், அதுவும் 50,000 வாங்குகிற ஆளின் விலையைப் பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வாங்குகிறவன் அந்தக் கட்டத்தைப் பார்த்ததில்லை, அவன் சந்தையைப் பார்த்துத்தான் வேண்டாம் என்றான். ஷீட்டை மறைக்கவும் இல்லை, பக்க எண்ணோடு வைத்தோம். இருநூறு பக்க பேப்பர் புக்கில் அது ஒரு பக்கம், சரி, ஆனால் வைத்தோம். வாய் திறந்து "மேடம், அந்தக் கட்டத்தைப் பாருங்க" என்று சொல்வது என் வேலையா? என் வேலை கிளையண்ட் தரப்பு. அவர் வேலை கேட்பது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சீனியரிடம் ஒரு நாள் கேட்டேன். "ஆர்ம்ஸ் லெங்த் விலைன்னு எங்கேயும் ஒண்ணு உட்கார்ந்திருக்கலைப்பா, நம்மகிட்ட இருக்கிற ஆதாரத்துல எது பக்கத்துல வருதோ அதுதான்" என்றார். அதுவும் சரிதான். சட்டம் 'மிகப் பொருத்தமான முறை' என்று மட்டும்தான் கேட்கிறது, உண்மையான விலை என்று எங்கேயும் கேட்கவில்லை. ஆனால் 865 ரூபாய் 20 காசு என்று ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பூஜ்யம், அந்தப் பக்கம் முழு வித்தியாசம் என்று வைத்திருக்கும்போது, 'பக்கத்தில் வருவது' என்பது எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது. தள்ளுபடி 3 சதவீதமாக இருந்தால் 863.30, தப்பித்திருப்போம். 2 சதவீதம் என்றால் 872.20, வித்தியாசம் 32 ரூபாய் 20 காசும் முழுக்கச் சேர்ந்திருக்கும். யாரும் ஆர்டர் கொடுக்காத ஒரு தாளில் மார்க்கெட்டிங் ஆள் டைப் அடித்த ஒரு எண்தான் நடுவில் நின்றது.

உத்தரவில் கொட்டேஷன் பற்றி விவாதமே இல்லை. அளவு வித்தியாசத்துக்கான சரிக்கட்டலைப் பரிசீலித்ததாகவும் விலை விஷயத்தில் எதுவும் சேர்க்கத் தேவையில்லை என்றும் ஒரு வரி. மேடம் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் விட்டாரா, பார்க்காமல் விட்டாரா, தெரியாது. பார்த்துவிட்டு விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே எனக்குப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று விட்டிருப்பேன். போன வாரம் மார்க்கெட்டிங் மேனேஜர் போன் செய்தார்.

"சார், சந்தோஷமான செய்திங்க. அதே வால்வு பாடிக்கு வெளிக் கம்பெனி ஆர்டர் கிடைச்சிருச்சுங்க, 12,000 பீஸ்."

வாழ்த்துச் சொல்லிவிட்டு, என்ன விலைக்கு என்று கேட்டேன்.

"ஆயிரத்துல ரெண்டு பர்சண்ட்தாங்க விட்டுக்கொடுத்தோம். அதுக்கே ஒத்துக்கிட்டாங்க."

அவருக்கு இருந்த பெருமை நியாயமானது. தாய் நிறுவனத்துக்கு இன்னமும் 840-தான். இந்த ஆர்டர் அடுத்த வருஷக் கணக்கில் வரும், இரும்பு விலை மாறியிருக்கிறது, வாங்குகிறவரின் அவசரம் வேறு, 12,000-மும் 50,000 கிடையாது. எல்லாமே உண்மை. அடுத்த ரிப்போர்ட்டில் இதை முதல் ஆதாரமாக வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று சீனியருக்கு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். கூடவே, தாய் நிறுவனத்தின் விலையை வருஷம் முடிவதற்குள் திருத்தச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. திருத்தச் சொன்னால், போன வருஷம் 840 சரி என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கிளையண்ட் கேட்பார்.

கொட்டேஷனை வைத்து என்றுதான் சொல்ல வேண்டும்.