பால் செரிக்காமையா, பால் ஒவ்வாமையா? பினாங்கில் நான் செய்துகொண்ட மூச்சுச் சோதனை

நாற்பது வயதைக் கடந்த பிறகு, காலையில் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் எனக்கு வயிறு உப்பி இரையத் தொடங்கும். பால் கலந்த ஓட்ஸும் சேர்ந்துவிட்டால் வயிற்றுப்போக்கில்தான் போய் முடியும். என் தங்கையின் இரண்டு வயது மகனுக்குப் பால் ஒவ்வாமை இருப்பதால், எனக்கும் அதுவே வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

ஜார்ஜ்டவுனில் நான் பார்த்த மருத்துவர், சோதனை எதையும் சொல்வதற்கு முன் நிதானமாகக் கேள்விகள் கேட்டார். பால் குடித்ததும் தோலில் தடிப்பு எழுகிறதா, உதடு வீங்குகிறதா, மூச்சு இழுக்கிறதா என்று கேட்டார். அவற்றில் எதுவும் இல்லை. தயிர் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார். தயிர்ச் சாதம் எனக்கு ஒருநாளும் தொல்லை தந்ததில்லை. "அப்படியானால் இது ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவும்மா. ஒவ்வாமை உள்ளவருக்குத் தயிரும் ஆபத்துதான்" என்றார்.

ஒவ்வாமை என்பது பாலின் புரதங்களான கேசீன், மோர்ப்புரதம் ஆகியவற்றை நோய் எதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதித் தாக்குவது. என் தங்கை மகனுக்குப் பால் சேர்ந்த பிஸ்கட்டின் ஒரு துண்டே போதும்; சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்துவிடும். எனக்கு வந்ததோ சர்க்கரைச் சிக்கல். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரிக்கும் லாக்டேஸ் நொதி சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கிறது. அது போதாதபோது, பிரியாத சர்க்கரை பெருங்குடலுக்கு இறங்கி, அங்கே நீரை இழுக்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன.

அந்த வாயுவில் ஒரு பகுதியான ஹைட்ரஜன் இரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவருவதால், அதை அளந்தே நோயை அறிய முடிகிறது. சோதனைக்கு முந்தைய நாள் பருப்பு, அவரை, காய்கறி ஆகியவற்றை விலக்கி வெள்ளைச் சோறும் மீனும் மட்டும் உண்ணச் சொன்னார்கள்; நார்ச்சத்து குடலில் தங்கி நொதித்தால் வெறும் வயிற்று அளவே உயர்ந்து சோதனை கெட்டுவிடும். முந்தைய நான்கு வாரங்களில் ஆண்டிபயாட்டிக் எடுத்திருக்கக் கூடாது என்பதையும் வலியுறுத்தினார்கள். அது வாயு உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் குறைத்து, இருக்கும் குறையை மறைத்துவிடும்.

வெறும் வயிற்றோடு ஊதியபோது என் அளவு பத்து இலட்சத்தில் 4 பங்கு. பிறகு 25 கிராம் லாக்டோஸ் கரைத்த நீரைக் குடிக்கவைத்து, அரை மணிக்கு ஒருமுறை ஊதச் சொன்னார்கள். முதல் ஒரு மணி நேரம் அளவு பெரிதாக அசையவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் 31 ஆகவும், இரண்டு மணி நேரத்தில் 58 ஆகவும் ஏறியது. வயிறும் அப்போதுதான் உப்பியது. தொடக்க அளவைவிடப் பத்து இலட்சத்தில் 20 பங்கு கூடினாலே லாக்டோஸ் செரிக்கவில்லை என்று கொள்கிறார்கள்.

"இத்தனை வருடம் குடித்த பால் இப்போது ஏன்?" என்று கேட்டேன். பாலூட்டிகளில் தாய்ப்பால் மறந்த பிறகு லாக்டேஸ் மரபணு மெல்ல அடங்குவதே இயல்பு என்றும், உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இப்படித்தான் ஆகிறது என்றும் அவர் விளக்கினார். கால்நடை வளர்த்துப் பால் குடித்துவந்த சில இனக்குழுக்களிடம், கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள், அந்த மரபணுவை அடங்கவிடாத ஒரு மாற்றம் பரவியிருக்கிறது. வட ஐரோப்பியரிடம் அது மிகுதி, வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் குறைவு, சீனர்களிடம் அரிது. நொதி பல ஆண்டுகளாகக் குறைந்து வருவதால், தொல்லை எப்போது வெளித்தெரியும் என்பது குடிக்கும் அளவைப் பொறுத்தது. என் குடலில் நோய் ஏதும் இல்லை என்று அறிந்தது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

பாலை அடியோடு விடத் தேவையில்லை. ஒரு கோப்பைப் பாலிலுள்ள 12 கிராம் லாக்டோஸை உணவோடு சேர்த்தால் என்னைப் போன்ற பலரால் தாங்க முடியும். ஆகவே, டின்பால் குறைத்த தே தாரிக்கைச் சாப்பாட்டுக்குப் பின் குடிக்கிறேன்; வெறும் வயிற்றில் தே ஓ மட்டுமே. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. தயிரில் பாக்டீரியாக்களே செரிமானத்துக்குத் துணை செய்கின்றன.

எனக்காக வாங்கும் லாக்டோஸ் நீக்கிய பாலைத் தங்கை மகனுக்குக் கொடுக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். அதில் சர்க்கரை மட்டுமே பிரிக்கப்பட்டிருக்கிறது. புரதம் முழுவதும் அப்படியே இருக்கிறது. ஆட்டுப்பாலின் புரதமும் பசும்பாலுடையதை மிகவும் ஒத்திருப்பதால் அதுவும் மாற்றாகாது. ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் வளர வளர அதிலிருந்து மீள்கிறார்கள். ஆனால் மீண்டுவிட்டானா என்பதை வீட்டில் ஒரு வாய் கொடுத்துப் பார்க்காமல், அட்ரினலின் ஊசி கைவசம் இருக்கும் மருத்துவமனையில், சிறு அளவிலிருந்து படிப்படியாகக் கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும்.