வேலை விளம்பரத்துல லைசென்ஸ் கட்டாயம்னு போட்டிருந்தா கால் ஊனத்தப் பத்தி எப்பச் சொல்றது

எனக்கு இடது கால் போலியோ, கேலிப்பர் போட்டு நடப்பேன், சைடு வீல் வச்ச ஸ்கூட்டர் ஓட்டுவேன். பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டுல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் குடோன்ல பில்லிங்குக்கு ஆள் கேட்டாங்க. டேலி தெரியணும், டூவீலர் லைசென்ஸ் கட்டாயம், 25 கிலோ தூக்கணும்னு போட்டிருந்துச்சு. கொழிஞ்சாம்பாறைல மாமா "பயோடேட்டாலயே எழுதிரு, அப்புறம் மறைச்சுட்டான்னு பேராயிரும்"னாரு, கூட வேலை பார்த்த சேச்சி "ஆஃபர் கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத"ன்னாங்க. எனக்கு ரெண்டுமே ஒத்து வரல, முதல்ல அந்தக் கண்டிஷன் எதுக்குன்னு தெரியணுமில்ல?

லைசென்ஸ் எங்கிட்ட இருக்கு, ஆனா அதுல வண்டி வகை அடாப்டட் வெஹிக்கிள்னு இருக்கும். அவங்களுக்கு வேண்டியது கடை கடையா போய் கலெக்‌ஷன் எடுக்கிறது, அதுக்கு என் வண்டியே போதும். இடிச்சது 25 கிலோதான். போன் போட்டு காலைப் பத்தி ஒண்ணும் சொல்லாம, "மேடம், பில்லிங் பண்றவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை பெட்டி தூக்க வேண்டி வருமுங்க?"ன்னு மட்டும் கேட்டேன். அவங்க சிரிச்சுட்டாங்க. லோடு ஏத்துறது இறக்குறது எல்லாம் யூனியன் சுமட்டுத் தொழிலாளிங்க, நாம ஆசைப்பட்டாலும் தொட விடமாட்டாங்களாம், கோயமுத்தூர் ஆபீஸ்ல எல்லா போஸ்ட்டுக்கும் ஒரே விளம்பரத்தக் காப்பி பண்ணிருக்காங்க.

அதனால பயோடேட்டால கால் பத்தி எதுவும் போடல. இன்டர்வியூ ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்லன்னு தெரிஞ்சப்பதான் மெயில் போட்டேன்: "கேலிப்பர் போட்டு நடக்கிறேன், மாடி ஏறுறது சிரமம், கீழ் ரூம்ல இன்டர்வியூ வைக்க முடியுமா? பில்லிங், கலெக்‌ஷன் ரெண்டும் பண்ணுவேன், வண்டியும் லைசென்சும் இருக்கு. ஏணி ஏறி மேல் ரேக் ஸ்டாக் எண்ண மட்டும் முடியாது." அவ்வளவுதான், போலியோ எந்த வயசுல வந்துச்சு, எத்தனை பர்சென்ட்னு எல்லாம் எழுதல, அது அவங்களுக்குத் தேவையில்ல. ஏணி விஷயத்த மட்டும் நானா சொன்னேன், ஏன்னா அது நிஜமாவே வேலைல வர்ற விஷயம், சேர்ந்தப்புறம் சொன்னா தகராறு.

கவர்மென்ட் வேலைக்கு இந்தக் கணக்கு ஆகாது. அங்க மாற்றுத்திறனாளிகளுக்கான 4% ஒதுக்கீடு வேணும்னா விண்ணப்பத்துலயே சொல்லணும், ஊனம் 40% ஆவது இருக்குன்னு சர்டிபிகேட்டும் வேணும். தனியார்ல அந்த ஒதுக்கீடு கட்டாயமில்ல. ஆனா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 20 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற தனியார் கம்பெனியும் சம வாய்ப்புக் கொள்கை வச்சிருக்கணும், அதுல நம்ம விஷயத்தப் பார்த்துக்கிற லையசன் ஆபீசர் யாருன்னும் இருக்கணும், கேட்டுப் பாருங்க. 40%க்குக் கீழ இருந்தா சட்டம் நமக்கில்லன்னு நினைக்கிறவங்க நெறைய, பாகுபாடு காட்டக்கூடாதுங்கிறதுக்கு அந்த அளவே கிடையாது.

இன்டர்வியூ கீழயே பில்லிங் கவுன்டர் பக்கத்துல நடந்துச்சு. மேல் ரேக்க ஸ்டோர் பையன் எண்ணித் தருவான், நான் சிஸ்டத்துல ஏத்துறேன்னு பேசி முடிச்சோம். அதையும் ஆஃபர் மெயில்லயே ஒரு வரி எழுதி வாங்கிட்டேன், நாளைக்கு மேனேஜர் மாறினா புதுசா வர்றவர் "ஏணி ஏறு"ன்னு நிப்பாருல்ல.