பிப்ரவரி 28 அன்று அனுப்பிய பணம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம், 2025 பிப்ரவரியில், என் கையில் 60,000 ரேண்ட் சேர்ந்திருந்தது. அதை வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டுவதா, வருமான வரி குறையும்படி ரிட்டயர்மென்ட் ஆன்யூட்டி என்ற ஓய்வூதியச் சேமிப்பில் போடுவதா என்று இரண்டு வாரம் கணக்குப் போட்டேன். எடுத்த முடிவில் எனக்கு வருத்தமில்லை. அதை நிறைவேற்றிய விதத்தில்தான் 2,000 ரேண்டுக்கு மேல் கைவிட்டுப் போயிற்று.

முதல் பிழை என் பழக்கத்தால் வந்தது. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் வீட்டுக் கடன் வட்டிக்கு வரிக்கழிவு கிடைத்தது மனத்தில் ஊறிப்போயிருந்ததால், இங்கும் 11 விழுக்காடு வட்டியிலிருந்து என் 36 விழுக்காடு வரியைக் கழித்து, கடனின் உண்மைச் செலவு 7 விழுக்காடுதான் என்று எழுதி வைத்திருந்தேன். தென்னாப்பிரிக்காவில் நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. ஆகவே வரிக்குப் பிறகும் செலவு அதே 11தான். மூன்றாவது வழியான வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் ஈட்டத்துக்கு வரி இல்லையே தவிர, போடும் பணத்துக்குக் கழிவு இல்லை என்பதால், கட்டணம் போக ஆண்டுக்கு 11 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தால்தான் அது கடனடைப்பை வெல்லும். அதை அப்போதே ஒதுக்கிவிட்டேன்.

ஆன்யூட்டி விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. முகவர், "போட்ட அன்றைக்கே 36 விழுக்காடு லாபம், அண்ணா" என்றார். அந்த லாபம் ஒரே ஒரு முறை வருவது. பணமோ 55 வயது வரை பூட்டிக் கிடக்கும். எடுக்கும்போது வரியும் உண்டு. இந்த மூன்றையும் அவருடைய தாளில் காணவில்லை.

என் ஆண்டு வருமானம் 6 லட்சம் ரேண்ட். 60,000 போட்டால் 21,600 ரேண்ட் வரி திரும்பும் என்பதால், என் கையிலிருந்து உண்மையில் போவது 38,400 மட்டுமே. எனவே ஒரு பக்கம் கடனில் கட்டிய 38,400, மறுபக்கம் ஆன்யூட்டியில் 60,000 என்று வைத்தால்தான் ஒப்பீடு நேர்மையானது. எனக்கு வயது 45. வட்டி 11 விழுக்காட்டிலேயே நின்றால், கடனில் கட்டிய பணம் பத்தாண்டில் சுமார் 1,09,000 ரேண்டுக்குச் சமமாகிறது. ஆன்யூட்டி, கட்டணம் போக 8 விழுக்காடு வளர்ந்தால், சுமார் 1,29,500 ஆகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை, வாழ்நாள் விலக்கான 5,50,000 ரேண்டுக்குள் இருக்கும்வரை, வரியின்றி எடுக்கலாம். மீதி ஓய்வூதியமாக வரும்போது 18 விழுக்காடு வரி என்று கொண்டால் கையில் நிற்பது ஏறத்தாழ 1,14,000. அதே வரி 26 விழுக்காடாக இருந்தால் 1,07,000. அதாவது கடனடைப்பே மேல்.

முகவர் காட்டிய திட்டத்தின் மொத்த ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டு வாங்கினேன். அது ஒரு விழுக்காடு கூடுதல். வளர்ச்சியை 7 ஆக்கிப் பார்த்தால், 18 விழுக்காடு வரியிலும் 1,04,000க்குக் கீழே இறங்கிவிட்டது. கட்டணத் தாளைப் பாராமல் யாரும் கையெழுத்திட வேண்டாம். வேறொரு நிறுவனத்தின் கட்டணம் குறைந்த திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, திரும்பி வரும் 21,600ஐக் கடனில் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

2024 செப்டம்பர் முதல் ஆன்யூட்டியில் போடும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுக்கு ஒருமுறை இடையிலேயே எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எடுக்கும் தொகை அந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்ந்து வரிக்குள்ளாகும் என்பதால், பெற்ற கழிவைத் திருப்பிக் கொடுத்தது போலாகும். அவசரத்துக்குப் பணம் தேவைப்படக்கூடியவர்கள், கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்க வசதியுள்ள வீட்டுக் கடனிலேயே போடுவது நல்லது.

இனி நான் கோட்டைவிட்ட கதை. வரி ஆண்டு பிப்ரவரி 28இல் முடிகிறது. அன்று வெள்ளிக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு வேறு வங்கியிலிருந்து பணம் அனுப்பி, ரசீதை அச்சிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். ஜூலையில் வரித்துறையான சார்ஸின் தானியங்கி மதிப்பீடு வந்தபோது அதில் இந்தக் கழிவு இல்லை. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு பெண்மணி, "நீங்கள் அனுப்பிய நாள் எங்களுக்குக் கணக்கில்லை, ஐயா. எங்களிடம் பணம் வந்து சேர்ந்தது மார்ச் 3, திங்கட்கிழமை" என்றார். ரசீதைக் காட்டி இரண்டு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டுக்கும் ஒரே பதில், ஒரே எழுத்துப் பிழையுடன் வந்தது.

கழிவு அழிந்துவிடவில்லை, அடுத்த வரி ஆண்டுக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆனால் கடனில் கட்ட வைத்திருந்த 21,600 ஓராண்டு தாமதமாகிறது. 11 விழுக்காட்டில் அதன் வட்டி 2,376 ரேண்ட். இம்முறை பிப்ரவரி 20க்குள் அனுப்பிவிட்டு, பணம் சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டு அவர்களிடமிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகுதான் கோப்பை மூடுவேன்.